செவிட்டில் விழும் அறை: காது ஜவ்வு கிழிந்தால் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

கன்னத்தில் விழும் அறைக்கும் செவிட்டில் விழும் அறைக்கும் நடுவே இருப்பது நாலைந்து விரல்கடை தூரம்தான். கன்னத்தில் பட்டால் எரியும், சிவக்கும், போய்விடும். அதே கை கொஞ்சம் பின்னால் தள்ளி காதை மூடியபடி விழுந்தால் உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம், ஊசி குத்தியது போல ஒரு வலி, அப்புறம் ‘ங்கொய்ங்’ என்று நிற்காத ஓசை. காது ஜவ்வு கிழிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும் பலர் இனி காதே கேட்காது என்று பயந்துபோகிறார்கள். இன்னும் பலர் வலி அரை நாளில் குறைந்துவிட்டதால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தவறான கணக்கு. எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## கை படாமலே ஜவ்வு எப்படிக் கிழிகிறது?

காதுத் துளைக்குள் விரல் போகும் இடத்திலிருந்து ஜவ்வு வரை பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு குழாய் இருக்கிறது. அதன் கடைசியில் குறுக்கே இழுத்துக் கட்டியது போல இருப்பதுதான் செவிப்பறை. பேச்சு வழக்கில் காது ஜவ்வு. குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும், தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லியதற்குள் மூன்று அடுக்கு உண்டு: வெளியே தோல், நடுவே நார், உள்ளே சளிச்சவ்வு. அதற்குப் பின்னால் காற்று நிரம்பிய சின்ன அறை, அதுதான் நடுக்காது. அதில் மூன்று சிற்றெலும்புகள் சங்கிலி போலக் கோத்திருக்கின்றன. அந்தச் சங்கிலியின் மறுமுனை உள்காதைத் தொடுகிறது. நரம்பும், உடம்பைத் தள்ளாடாமல் நிறுத்தும் உறுப்பும் உள்காதில்தான் இருக்கின்றன.

விரித்த உள்ளங்கை காதின் மேல் வேகமாக விழும்போது குழாயின் வாயை மூடி போட்டது போல அடைத்துவிடுகிறது. உள்ளே இருந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. சைக்கிள் பம்ப்பின் முனையை விரலால் பொத்திக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. காற்று ஒரு நொடியின் சிறு பங்கில் அழுந்தி, போக ஒரே வழியான ஜவ்வைப் பிய்த்துக்கொண்டு நடுக்காதுக்குள் போகிறது. ஆகவே கிழிப்பது கையல்ல, கை அடைத்த காற்று. காது மடலில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே ஓட்டை விழுவதற்கு இதுதான் காரணம். முஷ்டியால் குத்துவதைவிட விரித்த கையால் அறைவது ஜவ்வுக்கு ஆபத்தாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

இதே வேலையைத் தண்ணீரும் செய்யும். கிணற்றில் பக்கவாட்டில் விழுந்து காது தண்ணீரில் ‘பளார்’ என்று அறைவது, கபடியில் கை படுவது, பந்து நேராகக் காதில் மோதுவது எல்லாம் ஒரே வகைக் காயம்தான்.

எதிரெதிரே நின்று அறையும்போது பெரும்பாலும் இடது காதுதான் அடிபடும். உலகில் வலது கைப் பழக்கம் உள்ளவர்கள் அதிகம் என்பதைத் தவிர இதில் வேறு மர்மம் இல்லை.

## கிழிந்திருக்கிறது என்று எப்படிச் சந்தேகிப்பது?

வெளியிலிருந்து ஜவ்வைப் பார்க்க முடியாது. செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தாலும் குழாய் வளைந்திருப்பதால் ஒன்றும் தெரியாது. ஆனால் சில அடையாளங்கள் உண்டு.

1. அடித்த கணத்தில் கூர்மையான வலி, பிறகு சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ தானாகக் குறைவது. வலி குறைவது ஆறிவிட்டதற்கான அடையாளம் இல்லை, கிழிந்த ஜவ்வு அதிக நேரம் வலிப்பதில்லை, அவ்வளவுதான்.
2. காது அடைத்தது போல, பஞ்சு வைத்தது போலக் கேட்பது. கூடவே இரைச்சல்.
3. குழாயிலிருந்து ஓரிரு சொட்டு ரத்தம், அல்லது மறுநாள் தலையணையில் சின்னக் கறை.
4. மூக்கைச் சிந்தும்போது காது வழியே ‘புஸ்’ என்று காற்று வெளியேறுவது. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்க ஒரு குழாய் இருக்கிறது, ஜவ்வில் ஓட்டை இருந்தால் காற்று அந்த வழியே ஏறி வெளியே வந்துவிடும். இதைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று வேண்டுமென்றே மூக்கைப் பிடித்து ஊதிப் பார்க்க வேண்டாம், ஆற வேண்டிய விளிம்பைத்தான் அது பிரிக்கும்.

## ஜவ்வு மட்டுமா, நரம்புமா?

முதல் நாளில் தெரிய வேண்டிய முக்கியமான விஷயம் ஓட்டை இருக்கிறதா என்பதைவிட, அடி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான்.

காது கேட்பது குறைய இரண்டு வழி உண்டு. சத்தம் உள்காது வரை வந்து சேரவில்லை என்பது ஒன்று. ஜவ்வு கிழிந்தாலோ சிற்றெலும்புச் சங்கிலி அறுந்தாலோ அப்படி ஆகும், இதைக் கடத்தல் குறைபாடு என்பார்கள். சத்தம் வந்து சேர்ந்தும் உள்காதோ நரம்போ அதை வாங்கிக்கொள்ளவில்லை என்பது இன்னொன்று, இது நரம்புக் குறைபாடு. முதலாவது பெரும்பாலும் தானாகச் சரியாகும், இல்லையென்றால் ஆபரேஷன் இருக்கிறது. இரண்டாவதில் கெட்ட நரம்பைப் பழையபடி ஆக்கும் ஆபரேஷன் கிடையாது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் முடிவு செய்தால் அதற்குக் காலக்கெடு உண்டு. நாள் கணக்கில் தொடங்க வேண்டியதை மாதக் கணக்கில் தள்ளிப்போட்டால் பலன் இருக்காது.

இதைப் பிரித்தறிய டாக்டர்கள் இசைக்கவை என்ற கருவியை வைத்திருக்கிறார்கள். இரண்டு கிளை உள்ள உலோகக் கவை, தட்டினால் நொடிக்கு 512 முறை அதிரும். அதை நெற்றி நடுவில் வைத்து எந்தக் காதில் அதிகம் கேட்கிறது என்று கேட்பார்கள். ஜவ்வில் மட்டும் பழுது என்றால் சத்தம் அடிபட்ட காதுப் பக்கமே சாயும். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அப்படித்தான். வெளி இரைச்சல் அந்தக் காதுக்குள் குறைவாகப் போவதால் எலும்பு வழியாக வரும் அதிர்வு அங்கே தூக்கலாகத் தெரிகிறது. நரம்பில் பழுது என்றால் சத்தம் நல்ல காதுக்குப் போய்விடும்.

வீட்டில் இதற்கு ஒரு நாட்டுப்புற மாற்று உண்டு. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். அடிபட்ட காதில் சத்தம் பெரிதாகக் கேட்டால் கொஞ்சம் நிம்மதி. நல்ல காதில்தான் கேட்கிறது, அடிபட்ட பக்கம் ஊமையாக இருக்கிறது என்றால் அன்றைக்கே இஎன்டி டாக்டரைப் பார்க்க வேண்டும். முனகிப் பார்த்தது நல்லபடியாக இருந்தாலும் டாக்டரைப் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது, அவசரத்தின் அளவை மட்டும்தான் இது சொல்லும்.

கீழே உள்ளதில் எது இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்:

1. வீடே சுற்றுவது போன்ற தலைச்சுற்றல், வாந்தி, நடக்க முடியாமல் ஒரு பக்கம் தள்ளுவது. அடித்த கணத்தில் ஓரிரு நிமிடம் கிறுகிறுப்பது வேறு, நிற்காமல் சுற்றுவது வேறு.
2. முகத்தின் ஒரு பக்கம் கோணுவது, கண்ணை முழுதாக மூட முடியாதது.
3. காதிலிருந்து தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் வடிவது. அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம்.
4. ரத்தம் நிற்காமல் வருவது, காதுக்குப் பின்னால் கருநீலமாகக் கன்றுவது, நினைவு தப்பியது.
5. அந்தக் காதில் அறவே கேட்காமல் போவது.

## முதல் ஆறு வாரம்: காய விடுங்கள், தொடாதீர்கள்

நல்ல செய்தி என்னவென்றால், அறையால் கிழிந்த ஜவ்வு பத்தில் எட்டு ஒன்பது பேருக்குத் தானாகவே மூடிவிடும். சின்ன ஓட்டை என்றால் இரண்டு மூன்று வாரம், நடுத்தரமானது ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு மூன்று மாதம்.

ஜவ்வு ஆறும் விதம் கொஞ்சம் தனி. கையில் வெட்டுப்பட்டால் அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே தோல் மூடும். ஜவ்வின் அடியில் சதை இல்லை, காற்றுதான் இருக்கிறது. அதனால் வெளித்தோல் அடுக்கு ஓட்டையின் விளிம்பிலிருந்து குறுக்கே ஊர்ந்து பாலம் போடுகிறது, ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில். நடுவில் இருக்க வேண்டிய நார் அடுக்கு பின்னால்தான் வரும், சிலருக்கு வராமலே போய் அந்த இடம் மெல்லிசாக நின்றுவிடும். இந்த ஊர்தலைக் கெடுப்பவை இரண்டே இரண்டு: ஈரமும் விரலும். எனவே வைத்தியம் என்று நாம் செய்வதில் பாதி எதையும் செய்யாமல் இருப்பதுதான்.

1. தலைக்குக் குளிக்கும்போது பஞ்சு உருண்டையில் வாஸ்லின் தடவி காது வாயில் வையுங்கள். உள்ளே திணிக்க வேண்டாம். குளித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கப் பஞ்சு வைத்தால் உள்ளே புழுங்கி கிருமி வளரும்.
2. கிணறு, ஆறு, குளம், நீச்சல் குளம் எதுவும் வேண்டாம். கிருமி ஒரு காரணம். இன்னொரு காரணம், குளிர்ந்த நீர் ஓட்டை வழியே நடுக்காதுக்குள் போனால் திடீரென்று தலை சுற்றும். தண்ணீருக்குள் இருக்கும்போது அப்படி ஆவது உயிருக்கே ஆபத்து.
3. மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். சளி, மூக்கடைப்பு இருந்தால் அதற்கு மருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.
4. வலிக்கு பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். ஓரிரு நாளுக்கு மேல் தேவைப்படாது. வலி குறைந்து மூன்று நாள் கழித்து மறுபடி ஏறினால் அது காயத்தின் வலி அல்ல, சீழ் பிடிக்கிறது என்று பொருள்.
5. பட்ஸ், கோழி இறகு, ஊக்கு, சாவி எதுவும் உள்ளே போகக் கூடாது. உறைந்த ரத்தம் உள்ளே இருந்தால் இருக்கட்டும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும் கூடாது, டாக்டர் தேவைப்பட்டால் உறிஞ்சி எடுப்பார்.

## எண்ணெய், பூண்டு, சொட்டு மருந்து

நம் வீடுகளில் காது வலி என்றால் கை தானாக நல்லெண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகும். பூண்டுப் பல்லைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி வெதுவெதுப்பாக இரண்டு சொட்டு. முழு ஜவ்வு இருக்கும் காதில் அது வெளிக்குழாயிலேயே நின்றுவிடும். ஓட்டை உள்ள காதில் நேராக நடுக்காதுக்குள் இறங்கும். கொதித்து ஆறிய எண்ணெய் என்றாலும் ஊற்றிய கிண்ணம், கரண்டி, விரல், குழாயில் இருந்த அழுக்கு எல்லாம் அதனுடன் சேர்ந்து போகும். சுத்தமான கிழிசலைச் சீழ் வடியும் காதாக மாற்றுவது பெரும்பாலும் இந்த இரண்டு சொட்டுதான். தாய்ப்பால், பச்சிலைச் சாறு, ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாவற்றுக்கும் இதே பதில்.

மருந்துக் கடைச் சொட்டு மருந்தும் விதிவிலக்கல்ல, இதைத்தான் பலர் எதிர்பார்ப்பதில்லை. ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டு மருந்து ஓட்டை வழியே உள்ளே போனால் உள்காதின் கேட்கும் செல்களைக் கெடுக்க வாய்ப்புண்டு. வலிக்கும் அழுக்குக்கும் விற்கும் சொட்டு மருந்து பலவற்றில் லிக்னோகைன் என்ற மரப்பு மருந்து இருக்கும், அது உள்காதை எட்டினால் பயங்கரமாகத் தலை சுற்றும். சீழ் இல்லாத, காய்ந்த, புதிய கிழிசலுக்குச் சொட்டு மருந்தே தேவையில்லை, ஆன்டிபயாடிக் மாத்திரையும் வழக்கமாகத் தேவையில்லை. சீழ் பிடித்தால் ஆஃப்ளாக்சசின் அல்லது சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்து எழுதுவார்கள், அது ஓட்டை உள்ள காதுக்கும் ஏற்றது. கடைக்காரரிடம் “காது வலிக்கு ஏதாவது குடுங்க” என்று கேட்டு வாங்குவதில் உள்ள சிக்கல் இப்போது புரிந்திருக்கும்.

## ஒரு உதாரணம்

இருபத்தாறு வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு கணவன் அறைந்ததில் இடது காதில் ‘டப்’. கொஞ்சம் ரத்தம். ஞாயிறு முழுக்க இரைச்சல். திங்கட்கிழமை அம்மாவுடன் அரசு மருத்துவமனைக்குப் போகிறார்.

“எப்படிம்மா அடிபட்டுச்சு?”

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்.”

டாக்டர் ஓட்டோஸ்கோப்பில் பார்க்கிறார். ஜவ்வின் முன்பக்கக் கீழ்ப்பகுதியில் ஒழுங்கில்லாத கிழிசல், விளிம்பு சிவந்து, ஓரத்தில் உறைந்த ரத்தம். வழுக்கி விழுந்தால் பொதுவாகத் தலையிலோ மடலிலோ அடையாளம் இருக்கும், இங்கே எதுவுமே இல்லை. அவருக்குப் புரிந்துவிடுகிறது. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாக மறுபடி கேட்கிறார். இரண்டாவது தடவை உண்மை வருகிறது.

இசைக்கவைச் சத்தம் இடப்பக்கம் சாய்கிறது. கேட்புத்திறன் சோதனையில் காற்று வழிக் கேட்பு இடது காதில் 30 டெசிபல், அதாவது சத்தத்தை அவ்வளவு கூட்டினால்தான் கேட்கிறது. எலும்பு வழிக் கேட்பு இயல்பு. அதாவது நரம்பு நன்றாக இருக்கிறது, பழுது ஜவ்வில் மட்டும். இந்த இரண்டு வழிக்கும் நடுவே உள்ள இடைவெளி 40 டெசிபலைத் தாண்டியிருந்தால் சிற்றெலும்பு விலகியிருக்குமோ என்று தேடவேண்டி வந்திருக்கும். காது நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்கிறார். இரண்டாவது வாரம் ஓட்டை பாதியாகியிருக்கிறது, இரைச்சல் தூங்கப் போகும்போது மட்டும். எட்டாவது வாரம் ஜவ்வு மூடிவிட்டது, மறு சோதனையில் 10 டெசிபல். இது இயல்புக் கணக்கு. மறு சோதனை எடுக்காமல் கண்ணால் மட்டும் பார்த்து மூடிவிட்டது என்று அனுப்பியிருந்தால், சங்கிலியில் சின்னப் பழுது இருந்தாலும் தெரிந்திருக்காது.

## இரண்டு வாரத்தில் மறையும் சாட்சி

ஆறிவிடும் காயத்துக்கு எதற்கு அவசரமாக டாக்டர் என்று கேட்கலாம். ஆறிவிடும் என்பதால்தான். அறையின் ஒரே தடயம் அந்தக் கிழிசல், அது நாளுக்கு நாள் சுருங்குகிறது. சித்திரவதையை ஆவணப்படுத்த 1999-இல் ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையரிடம் அளிக்கப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறையில் ஒரு காதிலோ இரு காதிலுமோ உள்ளங்கையால் ஓங்கி அறைவது தனியாகவே பேசப்படுகிறது, ‘டெலிஃபோனோ’ என்று அதற்குப் பெயர். இரண்டு மில்லிமீட்டருக்கும் சின்னக் கிழிசல் பத்து நாளுக்குள் ஆறிவிடலாம், ஆகவே உடனே பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. காவல் நிலையமானாலும் வகுப்பறையானாலும் வீடானாலும் இந்தக் கணக்கு மாறாது.

கிழிசலின் தோற்றமும் பேசும். புதியதில் விளிம்பு கந்தலாக, சிவந்து, ரத்தத்துடன் இருக்கும். பழைய சீழ் காதின் ஓட்டை வட்டமாக, விளிம்பு மழமழவென்று, பக்கத்தில் வெள்ளைத் திட்டுகளுடன் இருக்கும். “அவருக்கு முன்னமே காது ஓட்டைதான்” என்று எதிர்த்தரப்பு சொன்னால் பதில் முதல் வாரக் குறிப்பில்தான் இருக்கும்.

தாக்குதல் என்று சொன்னால் மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், பேச்சு வழக்கில் ஏ.ஆர். போடுவது. யார், எப்போது, எதனால் அடித்தார், எந்தக் காது என்பது அதில் வர வேண்டும், நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவு ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போவதைக் கொடுங்காயமாக வைக்கிறது. பதினைந்து நாள் கடும் வலியில் இருந்தாலோ வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம்தான். ஜவ்வு முழுதாக ஆறிவிட்டால் பெரும்பாலும் சாதாரண காயத்தில் முடியும். அதனால் இறுதிக் கருத்தை மறு சோதனை வரை நிறுத்திவைப்பது வழக்கம், மறு சோதனைக்குப் போகாமல் இருந்தால் நஷ்டம் அடிபட்டவருக்குத்தான்.

பள்ளியில் உடல் தண்டனையை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. குழந்தைக்கு 1098, பெண்களுக்கு 181, இரண்டும் இலவச அழைப்பு. குழந்தை பெரும்பாலும் வீட்டில் சொல்லாது. டிவி சத்தத்தைத் திடீரென்று கூட்டுவது, கூப்பிட்டால் தலையை ஒரே பக்கம் திருப்புவது, தலையணைக் கறை, இவைதான் சொல்லும்.

## மூன்று மாதத்தில் மூடாவிட்டால்

பெரிய ஓட்டை, இடையில் சீழ் பிடித்தது, விளிம்பு உள்பக்கம் சுருண்டுகொண்டது, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் மூடாமல் நிற்கலாம். மூன்று மாதம் வரை பார்த்துவிட்டு டிம்பனோபிளாஸ்டி என்ற ஆபரேஷன் செய்வார்கள். காதுக்கு மேலே பொட்டுப் பக்கத் தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் ஒரு துண்டை எடுத்து ஓட்டைக்கு ஒட்டுப்போடுவதுதான் அது. ஓட்டையை அப்படியே விட்டால் ஒவ்வொரு சளிக்கும் ஒவ்வொரு தலைக்குளியலுக்கும் சீழ் வரக்கூடும்.

சுருண்ட விளிம்பில் இன்னொரு வம்பு உண்டு. வெளித்தோல் உள்ளே மாட்டிக்கொண்டு ஆறினால், அந்தத் தோல் நடுக்காதுக்குள் மெதுவாகப் பெருகி எலும்பை அரிக்கும் கட்டியாகலாம். கொலஸ்டியாட்டோமா என்பார்கள். அரிதானது, ஆனால் வருடங்கள் கழித்து வரும். ஆகவே மூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் அந்தக் காதில் நாற்றமடிக்கும் நீர் வடிந்தாலோ கேட்பது மறுபடி குறைந்தாலோ, பழைய அறையையும் அதன் தேதியையும் சேர்த்துச் சொல்லி மறுபடி காட்டுங்கள்.